மண்பானைக் கேள்விக்கு ரெண்டு மார்க்: விடைக்குறிப்பா, ரூப்ரிக்கா?

எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு ரெண்டு மார்க் கேள்வி வைத்திருந்தேன். கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது ஏன்? ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "பானைக்கு வெளியே வேர்க்கும். அந்த ஈரம் காற்றில் காய்ந்து போகும்போது தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்." நான் ஒரு மார்க் போட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை அதே தாளைப் பார்த்துவிட்டு ரெண்டு போட்டார். எங்கள் இருவர் கையிலும் இருந்த மாதிரி விடை ஒன்றுதான். "பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாதலுக்குத் தேவையான வெப்பம் பானையில் உள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுவதால் நீர் குளிர்கிறது."

நான் ஏன் ஒரு மார்க்கைக் குறைத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், அவன் 'நுண்துளை' என்று எழுதவில்லை, 'ஆவியாதல்' என்றும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்டது காரணத்தை. காரணம் முழுசாக அவன் விடையில் இருக்கிறது. தண்ணீர் வெளியே வருகிறது, காற்றில் போகிறது, போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ரெண்டு மார்க் கொடுத்த ஆசிரியை செய்ததுதான் சரி. அந்தப் பையனுக்குப் போக வேண்டிய மார்க்கை நான் பிடித்துவைத்திருந்தேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், "அதான் எல்லாத்துக்கும் ரூப்ரிக் போட்டுடலாம், சண்டையே வராது" என்றார். அது தப்பான மருந்து. மாதிரி விடை, விடைக்குறிப்பு, ரூப்ரிக் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற யோசனை அது. புதிதாக வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கு இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை அந்த ஒரே மண்பானைக் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் மாதிரி விடை. அது ஒரு நல்ல மாணவர் எழுதக்கூடிய ஒரு நல்ல விடை. ஒன்றே ஒன்று. அதில் எது மார்க்குக்கு உரிய பகுதி, எது சும்மா வாக்கியம் முடிவதற்காக வந்த சொல் என்று எங்கும் எழுதியிருக்காது. அதனால் திருத்துகிறவர் தன்னையறியாமலே மாணவரின் விடையை அதோடு ஒட்டி வைத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். அப்படிப் பார்த்தால் மனப்பாடம் செய்தவருக்கு முழு மார்க், புரிந்துகொண்டு தன் சொல்லில் எழுதியவருக்குப் பாதி.

விடைக்குறிப்பு, அதாவது மார்க்கிங் ஸ்கீம், வேறு. அது விடையைச் சொல்வதில்லை, மார்க் எதற்கு என்று சொல்கிறது. மாதிரி விடையும் கூடவே இருக்கலாம், இருந்தால் நல்லதுதான், ஆனால் வேலை செய்வது மார்க் புள்ளிகள். மண்பானைக் கேள்விக்கு நாங்கள் அப்புறம் உட்கார்ந்து எழுதியது இது:

1 மார்க்: நீர் பானையின் வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது என்ற கருத்து.
ஏற்கலாம்: வேர்க்கிறது / கசிகிறது, காய்ந்து போகிறது / காற்றில் போகிறது.

1 மார்க்: ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரிலிருந்து (அல்லது பானையிலிருந்து) வெப்பம் எடுக்கப்படுகிறது என்ற கருத்து.
ஏற்கலாம்: சூடு போய்விடுகிறது, வெப்பம் வெளியேறுகிறது.
ஏற்கக்கூடாது: ஆவியாதல் வெப்பத்தை உண்டாக்குகிறது / வெளியிடுகிறது.

கண்டுகொள்ள வேண்டாம்: மண் வெப்பத்தைக் கடத்தாது.

'என்ற கருத்து' என்ற ரெண்டு சொல்லைக் கவனியுங்கள். அதை எழுதாமல் விட்டால் அந்த வரியே மறுபடியும் மாதிரி விடையாக மாறிவிடும். சி.பி.எஸ்.இ. தன் விடைக்குறிப்புகளின் பொது அறிவுரையிலேயே இதைச் சொல்கிறது: அதில் இருப்பவை பரிந்துரைக்கப்பட்ட புள்ளிகள்தான், முழு விடை அல்ல, மாணவர் தன் சொந்த நடையில் எழுதலாம், அது சரியாக இருந்தால் உரிய மதிப்பெண் தர வேண்டும் என்று.

கடைசி வரியில் இருக்கிற 'கண்டுகொள்ள வேண்டாம்' நான் கேம்பிரிட்ஜ் தேர்வுகளின் உயிரியல் விடைக்குறிப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏற்கலாம், ஏற்கக்கூடாது என்பதோடு, மார்க் தரவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்ற மூன்றாவது குறியும் அவற்றில் உண்டு. நம் பள்ளித் தேர்வுகளில் இந்த மூன்றாவது ரொம்ப உதவும், ஏனென்றால் நம் பிள்ளைகள் விடையைச் சுற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவர்கள். ரெண்டு புள்ளியும் சரியாக எழுதிவிட்டு, கூடவே 'மண் வெப்பத்தைக் கடத்தாது' என்றும் ஒருத்தி எழுதியிருந்தாள். மண் அரிதில் கடத்தி என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் தண்ணீர் குளிர்வதற்கு அது காரணம் இல்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே எப்படிக் குளிர்ந்தது என்பதை அது விளக்காது. இதற்கு மார்க்கைக் குறைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்தால் குழப்பம்தான். முன்கூட்டியே எழுதிவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி செய்வோம்.

சரி, இந்தக் குறிப்பை வைத்து நான்கு விடைகளைத் திருத்திப் பார்க்கலாம்.

"ஆவியாதல் நடைபெறுவதால்." முதல் புள்ளி கிடைக்குமா? நீர் வெளியே வருவது பற்றிப் பேச்சில்லை, ஆனால் ஆவியாதல் என்று சொல்லியாகிவிட்டது. இந்த இடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பானையின் வாய் வழியாகவும் நீர் ஆவியாகும், எவர்சில்வர் குடத்திலும் அது நடக்கும், அப்படியிருக்க மண்பானைக்கு மட்டும் என்ன தனி என்பதுதானே கேள்வியின் உயிர் என்றார் ஒருவர். அவர் சொன்னது சரிதான், ஆனால் எங்கள் கேள்வி 'மண்பானைத் தண்ணீர்' என்றுதான் கேட்டதே தவிர, குடத்தோடு ஒப்பிடச் சொல்லவில்லை. எழுதாத எதிர்பார்ப்புக்கு மாணவரிடம் மார்க் பிடிக்க முடியாது. ஆகவே ஒரு மார்க் கொடுத்தோம், குறிப்பிலும் 'ஆவியாதல் என்று மட்டும் சொன்னாலும் முதல் புள்ளி உண்டு' என்று சேர்த்தோம். அடுத்த வருடம் கேள்வியையே 'எவர்சில்வர் குடத்துத் தண்ணீரைவிட மண்பானைத் தண்ணீர் ஏன் அதிகம் குளிர்கிறது' என்று மாற்றினோம். விடைக்குறிப்பு எழுத உட்காரும்போதுதான் கேள்வியின் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே குறிப்பை எழுதிவிட வேண்டும் என்று சொல்கிறார்கள்.

"நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே சென்று நீரைக் குளிர்விக்கிறது." நுண்துளை என்ற அருமையான சொல் இருக்கிறது, கருத்து தப்பு. பூஜ்யம். மாதிரி விடையை மட்டும் வைத்துக்கொண்டு வேகமாகத் திருத்துகிறபோது இதற்கு ஒரு மார்க் விழுந்துவிடும், நானே முன்பு போட்டிருப்பேன்.

"நீர் ஆவியாகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, அதனால் குளிர்கிறது." ஒரு மார்க். ஆவியாதல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, வெளியிடுவதில்லை. இங்கே திசை தலைகீழாக இருக்கிறது. 'வெப்பம் வெளியேறுகிறது' என்று எழுதியிருந்தால் பானைத் தண்ணீரிலிருந்து போகிறது என்று பொருள், அதை ஏற்கலாம். வெளியேறுகிறது, வெளியிடுகிறது, ரெண்டுக்கும் ரெண்டு எழுத்துதான் வித்தியாசம். மாலை அஞ்சு மணிக்கு நாற்பதாவது தாளில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, குறிப்பில் எழுதிவைத்திருந்தால்தான் படும்.

"மண் இயற்கையாகவே குளிர்ச்சியானது." பூஜ்யம், இதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது ரூப்ரிக். லத்தீனில் செங்காவியைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பழைய ஏடுகளில் தலைப்புகளையும் வழிமுறைகளையும் சிவப்பு மையில் எழுதியதால் அந்தப் பெயர். பிரிட்டிஷ் தேர்வு வழக்கில் வினாத்தாளின் தலைப்பில் இருக்கும் 'ஏதேனும் ஐந்துக்கு விடையளி' போன்ற அறிவுரைகளுக்கும் இதே பெயர்தான், அந்தப் பொருளில் யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். நாம் இங்கே பேசுவது மதிப்பிடுகிற ரூப்ரிக்.

விடைக்குறிப்பு 'இது இருக்கிறதா, இல்லையா' என்று கேட்கிறது. ரூப்ரிக் 'எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்று கேட்டு, அதற்குப் படிநிலைகள் வைத்து, ஒவ்வொரு படியும் எப்படி இருக்கும் என்று வருணிக்கிறது. தமிழ்த் தேர்வில் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறோம் என்றால் அதற்கு மாதிரி விடை வைத்து என்ன செய்வது? ஆயிரம் நல்ல கட்டுரைகள் இருக்கலாம், ஒன்றில் இருக்கிற வாக்கியம் இன்னொன்றில் இருக்காது. அங்கே கருத்தின் ஒழுங்கு, நடை, பிழையின்மை என்று கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

அதே ரூப்ரிக்கை மண்பானைக் கேள்விக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இப்படித்தான் எழுத வரும்: 2 – தெளிவான, சரியான விளக்கம், 1 – ஓரளவு சரியான விளக்கம், 0 – தவறு. பார்க்க அழகாக இருக்கிறது. 'ஓரளவு' என்றால் எவ்வளவு? 'வேர்க்கும், காய்ந்து போகும்' பையனின் விடை 'தெளிவான' என்பதில் வருமா? எனக்கு அன்றைக்கு வரவில்லை, அதனால் ஒன்று போட்டிருப்பேன். பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு வந்திருக்கும், ரெண்டு போட்டிருப்பார். அதே வித்தியாசம் அப்படியே நிற்கிறது, ஆனால் இப்போது ரெண்டு பேருமே 'ரூப்ரிக்படிதான் போட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதுதான் இதில் மோசம். உண்மையான சரி தப்பு உள்ள ஒரு விஷயத்தை அபிப்பிராயமாக மாற்றிவிடுகிறோம். 'ஓரளவு' என்பதை விளக்கப் போனால், 'ஆவியாதல் சொல்லி வெப்பம் சொல்லாதது' என்று எழுத வேண்டிவரும், அப்படி எழுதிவிட்டால் அது விடைக்குறிப்பாகிவிட்டது, ரூப்ரிக் இல்லை.

அப்படியென்றால் குறுவிடைக்கு ரூப்ரிக்கே வேண்டாமா என்றால், வேண்டும், சில இடங்களில். விடையின் நீளத்தை வைத்து முடிவு செய்வதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மூன்று வரி விடை என்றால் விடைக்குறிப்பு, ஒரு பக்கம் என்றால் ரூப்ரிக் என்று வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: தாள்களைப் பார்க்கும் முன்பே சரியான விடைகளையெல்லாம் பட்டியல் போட முடியுமா? முடியும் என்றால் விடைக்குறிப்பு, அது ஒரு பக்க விடையாக இருந்தாலும் சரி. முடியாது என்றால் ரூப்ரிக், அது மூன்று வரியாக இருந்தாலும் சரி.

அதே பாடத்திலிருந்து இன்னொரு கேள்வி: 'வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஒரு கட்டுக் கீரையை மறுநாள் வரை வாடாமல் வைக்க ஒரு வழி சொல்லி, அது எப்படி உதவுகிறது என்று அறிவியல் காரணத்தோடு விளக்குக.' நான்கு மார்க். விடை நான்கைந்து வரிதான் வரும். முதலில் இதற்கும் நான் விடைக்குறிப்புதான் எழுதினேன்: வழி 1, ஆவியாதல் 1, குளிர்தல் 1, நீராவிப்போக்கு குறைதல் 1. அது முதல் அஞ்சு தாளிலேயே உடைந்துவிட்டது. ஒருத்தி ஈரத்துணி, ஒருவன் வேரோடு செம்புத் தண்ணீர், இன்னொருவன் பழைய பானைக்குள், ஒருத்தி வாழையிலையில் சுற்றி நிழலில். ஈரத்துணியில் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் வேலை செய்கின்றன. செம்பில் குளிர்ச்சிக்கு வேலையே இல்லை, போன தண்ணீர் திரும்ப வருகிறது. வாழையிலையில் காற்றோட்டம் குறைவதால் கீரை நீரை இழப்பது குறைகிறது. ஒவ்வொரு வழிக்கும் காரணச் சங்கிலியே வேறு. எல்லாவற்றையும் பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த தாளில் இன்னொரு வழி வரும்.

ஆகவே அதற்கு இப்படி மாற்றினோம்:

4 – வழி செய்யக்கூடியது. கீரை ஏன் வாடுகிறது என்பதிலிருந்து, சொன்ன வழி அதை எங்கே தடுக்கிறது என்பது வரை காரணம் விடுபடாமல் போகிறது.
3 – வழியும் காரணமும் சரி, ஆனால் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது.
2 – வழி சரி. தொடர்புள்ள அறிவியல் கருத்து சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்கும் வழிக்கும் முடிச்சு போடப்படவில்லை.
1 – வழி மட்டும்.
0 – வழி பலன் தராது, அல்லது விடை இல்லை.

'தெளிவான', 'சிறப்பான', 'ஓரளவு' என்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் தாளில் கைவைத்துக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறது. கண்ணி விடுபட்டிருக்கிறது என்றால் எது என்று காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் நான்குதான்.

மூன்று விடைகள். முதலாவது: "வேரோடு தண்ணீர்ச் செம்பில் வைப்போம். இலையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் வாடுகிறது. வேர் செம்புத் தண்ணீரை இழுத்துப் போனதை ஈடுகட்டிவிடும்." நான்கு. இரண்டாவது: "ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். துணியில் உள்ள நீர் ஆவியாவதால் குளிர்ச்சியாக இருக்கும்." மூன்று, குளிர்ச்சி கீரைக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது: "ஈரத்துணியில் சுற்றலாம். ஆவியாதல் ஒரு குளிர்விக்கும் நிகழ்வு. நீராவிப்போக்கு இலைத்துளைகள் வழியாக நடைபெறுகிறது." ரெண்டு. சொன்னது எதுவும் தப்பில்லை, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

என் பழைய விடைக்குறிப்பின்படி இதே மூன்றையும் திருத்திப் பாருங்கள். மூன்றாவது விடையில் வழி, ஆவியாதல், குளிர்தல் என மூன்று சொல்லும் இருக்கிறது, மூன்று மார்க். செம்புத் தண்ணீர் விடையில் ஆவியாதலும் இல்லை, குளிர்தலும் இல்லை, ஒன்றே ஒன்று. அருமையாக யோசித்த பிள்ளைக்கு ஒன்று, பாடப்புத்தகத்தின் மூன்று வாக்கியங்களை அடுக்கிய பிள்ளைக்கு மூன்று. ரூப்ரிக் இல்லாமல் முடியாத இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் அறிவியல் தாள்களில் இந்த ரெண்டையும் ஒரே தாளுக்குள் கலந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, ரெண்டு மார்க் கேள்விகளுக்குப் புள்ளிப் புள்ளியான விடைக்குறிப்பு, ஆறு மார்க் விளக்கக் கேள்விகளுக்குப் படிநிலை வருணனை. அந்தப் படிநிலைக்குக் கீழேயே வரக்கூடிய கருத்துகளின் பட்டியலும் இருக்கும், ஆனால் அதை எண்ணி மார்க் போடுவதில்லை, திருத்துகிறவர் உள்ளடக்கம் சரியா என்று பார்த்துக்கொள்வதற்காக. எங்கள் கீரைக் கேள்விக்கும் அதையே செய்தோம், தாள்களில் வந்த வழிகளும் அவற்றின் காரணங்களும் ஒரு ஓரத்தில்.

'ஏதேனும் இரண்டு எழுதுக' வகைக் கேள்விக்கு ரூப்ரிக் ஒருபோதும் வேண்டாம், ஆனால் விடைக்குறிப்பில் ஒரு விதி கட்டாயம் வேண்டும். ரெண்டு கேட்டால் அஞ்சு எழுதுவார்கள், அதில் ரெண்டு சரி, மூன்று தப்பு. முதல் ரெண்டை மட்டும் பார்ப்பதா, தப்பு ஒவ்வொன்றும் சரியில் ஒன்றைக் கழிக்குமா? எதுவாக இருந்தாலும் முன்னாலேயே எழுதிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

தப்பான கருவியை எடுத்துவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாத் தாளையும் திருத்த ஆரம்பிக்கும் முன் பத்துத் தாளை எடுத்து, ரெண்டு பேர் தனித்தனியாக, மார்க்கைத் தாளில் எழுதாமல் வேறு காகிதத்தில் எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பு வைத்திருக்கிறீர்கள், பத்துத் தாளில் ஒன்றிரண்டு புதிய சரியான விடை வந்தால் அதை 'ஏற்கலாம்' வரியில் சேர்த்துவிட்டுப் போகலாம். நாலைந்து தாளில் குறிப்பில் இல்லாத சரியான விடை வருகிறது, ஒவ்வொன்றும் வெவ்வேறு என்றால், அந்தக் கேள்வி பட்டியலுக்குள் அடங்காதது. ரூப்ரிக் வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலான தாள் நடுப்படியில் குவிகிறது, ஏன் அந்தப் படி என்று கேட்டால் ரெண்டு பேரும் ரெண்டு காரணம் சொல்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்விக்கு உண்மையில் ரெண்டு மூன்று புள்ளிகள்தான் இருக்கின்றன, அவற்றை நேரடியாக எழுதிவிட்டால் போதும். பத்துத் தாளுக்கு எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு மாற்றிய குறிப்பை எல்லோரிடமும் கொடுத்துவிட்டு அந்தப் பத்தையும் சேர்த்துத் திரும்பத் திருத்துவோம்.

போன பருவத்தில் அப்படிப் பத்துத் தாள் பார்த்தபோது 'வேர்க்கிறது' என்ற சொல் நான்கு தாள்களில் இருந்தது. 'நுண்துளை' மூன்றில். இப்போது எங்கள் குறிப்பில் முதல் வரியில் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.